நெல்லையில் கார் வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் நம்பர் போர்டைப் பாருங்கள்

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிறோம் என்று போனில் சொன்னதுமே சொந்தக்காரர் யாராவது ஒருவர் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிடுவார். "அண்ணாச்சி, நமக்குத் தெரிஞ்ச பையன் வண்டிதான். பத்து நாளும் வச்சு ஓட்டுங்க, பேப்பர் கீப்பர்னு ஒண்ணும் வேண்டாம்." அன்பில் சொல்வதுதான். ஆனால் வாடகைக் காரில் பின்னால் வருகிற பெரும்பாலான தொல்லைகளுக்கு அந்த "பேப்பர் வேண்டாம்" என்பதில்தான் வேர் இருக்கிறது.

போர்டின் நிறத்தை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து என்றால் டிரைவரோடு வரும் டாக்சி. நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விடும் வண்டிக்குச் சட்டம் சொல்லியிருப்பது கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டி.என். 72 திருநெல்வேலி, 76 தென்காசி, 69 தூத்துக்குடி. எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, நிறத்தைப் பாருங்கள்.

இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், இன்சூரன்ஸ்தான் காரணம். வெள்ளை போர்டு வண்டியின் பாலிசியில் 'கூலிக்கோ வாடகைக்கோ விடக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். வாடகைக்குப் போன வண்டி என்று தெரிந்தால், வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் தர முடியாது என்று கம்பெனி கையை விரித்துவிடலாம். அதைவிடக் கவலை தருவது எதிரே வந்தவருக்கு அடிபட்டால் என்ன ஆகும் என்பது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உயிர்ச்சேதத்துக்கும் காயத்துக்கும் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. நிபந்தனை மீறல் இருந்தால், காயம்பட்டவருக்கு முதலில் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பு வருவது உண்டு. வண்டிக்காரர் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊரில் இருக்கும் தம்பியின் போனில் mParivahan செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் வண்டி வகையும், இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பதும் வந்துவிடும். திருவனந்தபுரத்தில் இறங்கி அங்கேயே வண்டி எடுப்பவர்கள், தமிழ்நாட்டுக்குள் கொண்டுவர அனுமதியும் வரியும் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புளியரை எல்லையிலோ களியக்காவிளை எல்லையிலோ நின்றுகொண்டு அதைப் பேச முடியாது.

அடுத்தது லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் இன்னும் காலாவதியாகாமல் இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்கு, இருக்கும் நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். லைசென்ஸ் தந்த நாட்டிலேயே, கிளம்புவதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும். கனடாவில் சி.ஏ.ஏ., அமெரிக்காவில் டிரிபிள் ஏ தருகிறார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரலில் இருந்து தபால் நிலையத்தில் கிடைப்பதில்லை. பேபாயின்ட் கடைகளில் 5.50 பவுண்டு. இந்தியா சேர்ந்திருப்பது 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில். அந்த வகை அனுமதி ஓராண்டு செல்லும். ஐரோப்பாவில் பல நாடுகள் 1968 உடன்படிக்கைப்படிதான் கொடுக்கின்றன. உங்களுடையது அதுவானால், ஏற்றுக்கொள்வதாக வாடகைக் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இணையத்தில் 'உடனடி சர்வதேச லைசென்ஸ்' என்று பத்தாண்டுக்கு விற்கும் புத்தகங்களைத் தொடாதீர்கள். செல்லுபடியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்பதோடு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மறுப்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடும்.

சரி, கருப்பு போர்டு வண்டியே கிடைத்துவிட்டது. கவுண்டரில் 'டேமேஜ் புரொடெக்‌ஷன்' என்று ஒன்றைக் கூடுதல் பணத்துக்குத் தருவார்கள். அது பெரும்பாலும் பாலிசி அல்ல. சேதம் வந்தால் உங்களிடம் இவ்வளவுக்கு மேல் கேட்க மாட்டோம் என்று கம்பெனி தரும் வாக்குறுதி. ஒப்பந்தத்தில் வரம்பு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாபநாசத்தில் வண்டியைத் திருப்பும்போது பம்பர் உடைந்து ரிப்பேர் 28,000 ஆனால், நீங்கள் கட்டுவது 10,000. அதே 28,000, பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் ஏறி அடியில் ஆயில் சம்ப் உடைந்ததற்கு வந்த பில் என்றால், முழுவதும் உங்கள் தலையில் விழலாம். ஏனென்றால் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், சாவி ஆகியவை இந்த வாக்குறுதியில் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது வழக்கம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கான வாடகையையும் சில கம்பெனிகள் கேட்கும். கையெழுத்துக்கு முன்னால் படிக்க வேண்டியது அந்த ஒரு பத்தியைத்தான்.

வெளிநாட்டு கிரெடிட் கார்டில் வாடகைக் கார் காப்பு இருக்கிறது என்று நம்பி வருபவர்கள், இந்தியா அதில் சேருமா என்று கார்டு கம்பெனியிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முழு வாடகையும் அந்தக் கார்டிலேயே போயிருக்க வேண்டும், ஒப்பந்தம் கார்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மைத்துனர் தன் போனில் யு.பி.ஐ. போட்டுவிட்டால் அந்தக் காப்பு போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருபவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யப் பார்த்தால், உள்ளே போன தண்ணீர் எஞ்சினையே உடைத்துவிடும். எஞ்சின் காப்பு தனியாக எடுக்காத பாலிசியில் அதற்குப் பணம் வராது. சாவியைத் தொடாமல் கம்பெனிக்குப் போன் செய்து, கயிறு கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

டெபாசிட்டைப் பொறுத்தவரை, பாஸ்போர்ட்டை மட்டும் அடமானமாகக் கொடுத்துவிடாதீர்கள். நகல் போதும். பணம் எப்போது, எந்த வழியில் திரும்பும் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நாங்குநேரி, கயத்தாறு டோல்கேட்களில் பாஸ்டேக்கில் போகும் பணமும், கேமராவில் விழும் வேக அபராதமும் தாமதமாகத்தான் கணக்கில் ஏறும்; அதற்காகச் சில நாள் பிடித்துவைப்பது நியாயம். ஒரு மாதம் இழுத்தடிப்பது நியாயமில்லை.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். எடுக்கும்போது ஒரே வீடியோ, நிறுத்தாமல்: நம்பர் போர்டில் தொடங்கி, நான்கு பக்கமும் சுற்றி, மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும் தெரிய முடிக்க வேண்டும். கம்பெனி ஆள் அதில் ஒரு முறையாவது தென்பட வேண்டும். கீறலும் சொட்டையும் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுவது முன் பம்பரின் அடிவிளிம்பும், கண்ணாடியில் கல் தெறித்த சிறு புள்ளியும், டயரின் பக்கச்சுவரும். குனிந்து, போனை வண்டிக்கு அடியிலும் நீட்டி எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டயரைச் சொல்லக் காரணம் நம்மூர் சீமைக்கருவேலம். திசையன்விளைப் பக்கமோ வள்ளியூர்ப் பக்கமோ ரோட்டை விட்டு ஓரமாக இறக்கினால், வெட்டிப்போட்ட கிளையில் விரல் நீள முள் காத்திருக்கும். டயரின் நடுவில் ஏறினால் பஞ்சர் கடையில் முடிந்துவிடும். பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டக் கூடாது, புது டயர்தான். எடுக்கும்போதே பக்கச்சுவரில் வெட்டோ வீக்கமோ இருந்து, அது வீடியோவில் இல்லை என்றால் அந்த டயரின் விலையும் உங்களுடையதாகிவிடும்.

திருப்பிக் கொடுக்கும்போதும் இதே வீடியோ வேண்டும். ராத்திரி விமானம் என்று அவசரத்தில் வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வண்டியைப் பார்த்துவிட்டோம், புதுச் சேதம் இல்லை என்று கம்பெனி ஆளிடம் ஒரு வாட்ஸப் செய்தியாவது வாங்கிய பிறகு வாகைக்குளம் விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.