டிரைவிங் ஸ்கூல் வண்டி ஓடுகிறது, வீட்டு வண்டி ஏன் ஆஃப் ஆகிறது? கிளட்ச் பழகும் முறை

டிரைவிங் ஸ்கூல் வகுப்பை முடித்து, லைசென்ஸும் வாங்கிய பிறகு வீட்டு காரை எடுத்தால், கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை ஆஃப் ஆகிவிடும். பலருக்கு நடப்பதுதான். ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். வண்டி ஆஃப் ஆகப்போகிறது என்று தெரிந்ததும் அவர் தன் காலால் சமாளித்துவிடுவார். நெரிசலில் அவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் உங்கள் இடது கால் எதையும் பழகியிருக்காது.

இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தால், மாஸ்டர் மிதிக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம். பல வண்டிகளில் இரண்டு பக்கப் பெடல்களும் இணைந்தே இருக்கும். அவர் மிதித்தால் உங்கள் பெடலும் பாதத்தை விட்டு விலகித் தானாகக் கீழே இறங்கும். அப்படித் தெரிந்தால், "மாஸ்டர், இன்னிக்கு கிளட்ச்ச நானே பாத்துக்கறேன், ஆஃப் ஆனாலும் பரவாயில்ல" என்று கேட்டுவிடுங்கள்.

மீதிப் பயிற்சிக்குப் பொறுமையான மாமாவோ சித்தப்பாவோ போதும். நீங்கள் இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை என்றால், உங்களிடம் எல்எல்ஆர், அவரிடம் லைசென்ஸ், வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு இருக்க வேண்டும். அவர் பக்கம் பெடல் கிடையாது, கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதனால் ஆளில்லாத சமதள மைதானமாகப் பாருங்கள்.

1. சீட். கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் மெதுவாக விட முடியாது. ரப்பர் செருப்பு வேண்டாம், மெல்லிய அடியுள்ள ஷூ நல்லது.

2. வண்டியை நகர்த்தாமல் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்து இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபர்ஸ்ட் கியர் போடுங்கள். ஏசி வேண்டாம். இப்போது கிளட்சை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்து இறங்கும், ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு தெரியும். அங்கேயே காலை நிறுத்தி, உடனே திரும்ப மிதித்துவிடுங்கள். இதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். பத்து முறை செய்தால் கண்ணை வண்டிக்கு வெளியே வைத்துக்கொண்டே கண்டுபிடிக்க வரும். ஒவ்வொரு வண்டியிலும் இது வேறு உயரத்தில் இருக்கும்.

3. ஆக்ஸிலேட்டர் இல்லாமல் நகர்த்துவது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். வண்டி ஊர ஆரம்பிக்கும். பெரும்பாலோர் தவறு செய்வது இந்த நொடியில்தான். நகர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் மீதிக் கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுவார்கள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும்.

காரணம் இதுதான். சும்மா நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றும். சக்கரமோ அசையாமல் நிற்கும். கிளட்ச் பிளேட் உரசி உரசித்தான் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர முடியும். அவகாசம் தராமல் விட்டால், நிற்கும் சக்கரம் ஓடும் இன்ஜினைப் பிடித்து நிறுத்திவிடும். அதனால் ஊர ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நொடி காலை அசைக்காமல் வைத்து, அதன் பிறகு மீதியை மெதுவாக விடுங்கள். நிறுத்தும்போது பிரேக்கை மிதித்து, வண்டி முழுதாக நிற்பதற்குச் சற்று முன் கிளட்சை அடிவரை மிதியுங்கள்.

சித்தப்பா "விடு, விடு" என்று அவசரப்படுத்தினால் கால் துள்ளும். "பிடி... அப்படியே இரு... இப்ப விடு" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். இது வராமல் ஆக்ஸிலேட்டருக்குப் போகாதீர்கள்.

4. சிக்னலில் ஆஃப் ஆனால். முதலில் பிரேக், பிறகு கிளட்ச், நியூட்ரல், ஸ்டார்ட், ஃபர்ஸ்ட் கியர். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது. கியரிலேயே வைத்து, கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்பினால் பல வண்டிகள் முன்னால் பாயும்.

5. மேடு. பாலம் ஏறும்போது வண்டி நின்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஃபர்ஸ்ட் கியரில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். வண்டி முன்னால் போகத் துடிப்பது போல பானெட் சற்று எழும்பும். அது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பின்னால் உருண்டால் உடனே பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

மேட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கருகல் வாடை வந்தால் பிளேட் தேய்ந்து சூடேறிவிட்டது என்று அர்த்தம். வண்டியை ஓரமாக நிறுத்தி, சூடு ஆறும் வரை பயிற்சியை விட்டுவிடுங்கள்.