பிளே ஸ்டோர் முகவரியும் வரி விவரமும் கேட்டு நிற்கும்போது என்ன செய்வது?

விலைப் பொத்தானைத் தொட்டதும் பணம் கேட்க வேண்டிய இடத்தில், பெயர், முகவரி, மாநிலம், பின்கோடு ஆகியவற்றைக் கேட்கும் படிவம் ஒன்று வந்து நிற்கிறது. நிரப்பினாலும் சிலருக்கு அது மீண்டும் மீண்டும் அதே இடத்திற்குத் திரும்புகிறது. இந்தியாவில் இருந்துகொண்டு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் பிளே வழியாக வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கில் நுழைவது, யூபிஐ செயலியை வைத்திருப்பது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், ஏன் கேட்கிறார்கள்?

இது தெரிந்தால் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செயலிகள், சந்தாக்கள் போன்ற இணையவழிச் சேவைகளுக்கு இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அந்த வரியில் மாநிலத்தின் பங்கு, வாங்குபவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலத்திற்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு இத்தகைய சேவையை விற்கும்போது, தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அவருடைய மாநிலத்தின் பெயர் விலைச்சீட்டில் இடம்பெற வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி விதி 46 கூறுகிறது. 2024 டிசம்பர் 31 அன்று வெளியான 242/36/2024 என்ற சுற்றறிக்கை, இந்த விவரத்தைச் சேவை வழங்குவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் பெற்றுக்கொள்ள விற்பவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. வாங்குதல் முடிவதற்கு முன்னால் படிவம் வந்து நிற்பதன் பின்னணி இதுதான்.

நீங்கள் தமிழ்நாடு என்று எழுதினாலும் கேரளம் என்று எழுதினாலும் விலை மாறாது. வரி உட்பட 159 ரூபாய் என்று காட்டப்படும் சந்தாவில் 134.75 ரூபாய் சேவைக்கானது, 24.25 ரூபாய் வரி; மாநிலம் எதுவானாலும் கணக்கு இதுவே. எனவே பொய்யான முகவரி கொடுத்து மிச்சப்படுத்துவதற்கு இதில் ஒன்றும் இல்லை.

படி 1: படிவத்தைக் கைப்பேசியில் நிரப்ப வேண்டாம்

வாங்கும்போது குதித்து வரும் அந்தச் சிறிய படிவத்தை நான் மூடிவிடுவேன். கணினி உலாவியில் payments.google.com என்ற முகவரிக்குச் சென்று, பிளே ஸ்டோரில் பயன்படுத்தும் அதே மின்னஞ்சலால் உள்நுழையுங்கள். கணினி இல்லையென்றால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு 'Payments & subscriptions', 'Payment methods', 'More payment settings' என்று போனாலும் இதே பக்கம் உலாவியில் திறக்கும். இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், உங்கள் பணக்கணக்கு, அதாவது பணம் செலுத்தும் விவரங்களை கூகுள் வைத்திருக்கும் கணக்கு, எந்த நாட்டிற்குரியது என்பதைச் சிறிய படிவத்தில் எளிதாகக் கவனிக்காமல் விட்டுவிடலாம். இந்தப் பக்கத்தில் அது வெளிப்படையாகத் தெரியும்.

படி 2: பெயரும் முகவரியும்

'Settings' பகுதியில் 'Name and address' என்ற வரிசையில் உள்ள பென்சில் குறியைத் தொடுங்கள். ஆங்கில எழுத்தில் நிரப்புவதே பாதுகாப்பானது. பின்கோடு ஆறு இலக்கங்களையும் இடைவெளி விடாமல் எழுதுங்கள். அஞ்சல் உறையில் எழுதுவதுபோல் மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டாம். மாநிலத்தைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். சேமித்தபின் பிளே ஸ்டோர் செயலியை முழுமையாக மூடித் திறந்து, வாங்குதலை முதலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானோருக்கு வேலை இத்துடன் முடிந்துவிடும்.

படி 3: படிவம் ஏற்கவே இல்லையென்றால், நாட்டைப் பாருங்கள்

பலரும் திணறும் இடம் இது. கூகுள் பணக்கணக்கில் முகவரியை எத்தனை முறையும் மாற்றலாம். நாட்டை மட்டும் மாற்ற முடியாது. வேறு நாட்டுக்குப் போனால் அந்த நாட்டிற்கென்று புதிய பணக்கணக்கு ஒன்றை உருவாக்க வேண்டும், பழையது அப்படியே இருக்கும். இதை அறியாமல் பழைய கணக்கின் முகவரிக் கட்டத்திலேயே இந்திய முகவரியை எழுதிக்கொண்டிருந்தால் விடியவே விடியாது.

என் அத்தான் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியவர்; அங்கே தொடங்கிய மின்னஞ்சல் கணக்கையே இங்கும் பயன்படுத்துகிறார். சந்தா வாங்க முயன்றபோது முகவரி கேட்ட படிவத்தில் தஞ்சாவூர் முகவரியை எழுதினார், அது செல்லவில்லை. மற்ற நாடுகளாக இருந்தால் பின்கோட்டின் நீளமே காட்டிக்கொடுத்திருக்கும். சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடும் ஆறு இலக்கம்தான் என்பதால் 613001 என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் அடையாளங்கள் மூன்று அங்கேயே இருந்தன. விலை ரூபாயில் இல்லாமல் சிங்கப்பூர் டாலரில் இருந்தது. மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலே படிவத்தில் இல்லை. பணம் செலுத்தும் வழிகளில் யூபிஐ காணப்படவில்லை. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உங்கள் பணக்கணக்கு வேறு நாட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்வு இந்த வரிசையில் அமைய வேண்டும். பழைய நாட்டின் பிளே இருப்பில் பணம் இருந்தால் முதலில் அதைச் செலவழித்துவிடுங்கள். அந்த இருப்பு புதிய நாட்டிற்குக் கூடவே வராது. விபிஎன் இயங்கினால் நிறுத்துங்கள், ஏனெனில் நீங்கள் இந்தியாவில் இருப்பதை கூகுள் உணர்ந்தால்தான் மாற்றும் வாய்ப்பே திரையில் தோன்றும். பிறகு பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு 'Settings', 'General', 'Account and device preferences' என்று சென்று, 'Country and profiles' என்ற பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். அது இந்தியாவுக்குரிய பணம் செலுத்தும் வழி ஒன்றைச் சேர்க்கச் சொல்லும்; அதைச் சேர்க்கும்போதுதான் புதிய இந்தியப் பணக்கணக்கு உருவாகிறது. இப்போது வரும் முகவரிப் படிவத்தில் மாநிலப் பட்டியல் இருக்கும்.

மாற்றம் முழுமையாகத் தெரிய 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து வேறு வேறு அட்டைகளைச் சேர்த்துப் பார்க்காதீர்கள். இன்னொன்று: பிளே ஸ்டோரின் நாட்டை ஓராண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். திரும்பிப் போனபின் பழைய கடைக்கு மாற ஓராண்டு காத்திருக்க நேரிடும்.

இத்தனையும் செய்தபின் payments.google.com பக்கத்தில் உங்களுக்கு இரண்டு பணக்கணக்குகள் இருக்கும். மேலே உள்ள பட்டியலில் இந்தியக் கணக்கைத் தேர்ந்தெடுத்த பிறகே முகவரியைத் திருத்துங்கள். தவறான கணக்கில் திருத்தினாலும் "சேமிக்கப்பட்டது" என்றுதான் வரும், வாங்குதலில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது.

வரி விவரம் என்ற பகுதி

தனிநபராக வாங்குபவர் பான் எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடுக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டிஐஎன் என்ற 15 எழுத்து எண், ஜிஎஸ்டியில் பதிவு செய்த தொழில் நடத்துபவர்கள் தொழிலுக்காக வாங்கும்போது தருவது. உங்களிடம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கணக்கு உருவாக்கும்போது தனிநபரா, நிறுவனமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் நிதானம் தேவை, ஏனெனில் அந்த வகையைப் பின்னால் மாற்ற இயலாது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் W-8BEN படிவ விளக்கங்கள் செயலிகளை விற்று வருமானம் பெறுபவர்களுக்கானவை. வாங்குபவருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. "வரி விவரம் நிறைவடையவில்லை, பான் எண்ணை அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இணைப்பு வந்தால் அதைத் திறக்காமல் நீக்கிவிடுங்கள்.

அட்டையா, யூபிஐயா?

என் தேர்வு யூபிஐ. அட்டையைச் சேர்க்கும்போது எண், காலாவதித் தேதி, முகவரி என்று பல கட்டங்கள் சேர்ந்து வருவதால், எது தவறு என்று கண்டுபிடிப்பதே வேலையாகிவிடுகிறது. யூபிஐயில் முகவரி தனியாக நிற்கிறது. பிள்ளைகளின் கைப்பேசி என்றால் இரண்டுமே வேண்டாம், கூகுள் பிளே ரீசார்ஜ் குறியீடு போதும். ஆனால் இந்தியாவில் வாங்கிய குறியீடு இந்தியக் கணக்கில் மட்டுமே ஏறும். துபாயிலிருந்து மாமா அனுப்பும் பரிசுக் குறியீடு இங்கே உதவாது.

பின்சேர்க்கை 1: 'Country and profiles' பகுதியில் மாற்றும் வாய்ப்பே வரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். விபிஎன்னையும் ஓராண்டு விதியையும் விட்டால் எஞ்சும் காரணம் குடும்ப நூலகம். உறவினர் ஒருவரின் கூகுள் பிளே குடும்பக் குழுவில் நீங்கள் உறுப்பினராக இருந்தால் நாட்டை மாற்ற முடியாது. குழுவிலிருந்து விலகியபின் முயலுங்கள். இந்த வாசகருக்கு அதுவே காரணமாக இருந்தது.

பின்சேர்க்கை 2: காரைக்கால் வாசகர் ஒருவருடைய கேள்வி பயனுள்ளது. அவருடைய பின்கோடு 609602. பக்கத்திலுள்ள மயிலாடுதுறை 609001. எண்ணின் தொடக்கம் ஒன்றாக இருப்பதால் அவர் பட்டியலில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. பட்டியலில் 'Puducherry' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மறுபக்கம், 605 என்று தொடங்கும் எல்லா எண்களும் புதுச்சேரி அல்ல. விழுப்புரம் 605602 தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. பின்கோட்டின் முன்னெண்ணை வைத்து ஊகிக்காமல், உங்கள் ஊர் எந்த நிர்வாகத்தில் இருக்கிறது என்பதை வைத்து நிரப்புங்கள்.

பின்சேர்க்கை 3: வாங்கியபின் சரிபார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். payments.google.com பக்கத்தில் 'Activity' பகுதியில் அந்த வாங்குதலைத் திறங்கள். GPA என்று தொடங்கும் வாங்குதல் எண் அங்கே இருக்கும்; வரி விலைச்சீட்டு இருந்தால் அதைப் பதிவிறக்கி, அதிலுள்ள மாநிலப் பெயரைப் பாருங்கள். தவறாக இருந்தால் முகவரியை உடனே திருத்துங்கள். அடுத்து வாங்குபவற்றுக்குத் திருத்திய மாநிலம் வரும்.