கறி தோசை சாப்பிட்டவருக்கு எல்.டி.எல் குறைந்தது ஏன்?

லிப்பிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட்டில் உள்ள எல்.டி.எல் பல லேப்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால், ஹெச்.டி.எல், ட்ரைகிளிசரைடு மூன்றையும் அளந்து, எல்.டி.எல்லைக் கணக்குப் போட்டு எடுக்கிறோம். ஃப்ரீட்வால்டும் உடன் பணியாற்றியவர்களும் 1972-ல் வெளியிட்ட சூத்திரம் இது:

```
LDL = TC - HDL - (TG / 5)
```

TC மொத்தக் கொலஸ்ட்ரால், TG ட்ரைகிளிசரைடு; எல்லாம் mg/dL அளவில். ஐந்தால் வகுப்பது வி.எல்.டி.எல் என்ற கொழுப்புத் துகளுக்காக. வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கும் என்பது கணிப்பு.

முதலில் ஆளிடம் கேளுங்கள்: கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்? 10 முதல் 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ரத்தம் எடுத்து அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம் சுற்றுங்கள். மெஷினில் வைக்கும் முன் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சீரம் தெளிந்த வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி.

கோரிப்பாளையம் பக்கம் நான் வேலை பார்க்கும் லேபுக்கு ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஓர் அண்ணன் வந்தார். "எதுவும் சாப்பிடலைங்க" என்றார். சீரம் பால் கலந்த மாதிரி கலங்கி இருந்தது. மொத்தம் 212, ஹெச்.டி.எல் 38, ட்ரைகிளிசரைடு 365. கணக்குப்படி 365-ஐ ஐந்தால் வகுத்தால் 73, எல்.டி.எல் 101. பார்க்க நல்ல எண்தான். ஆனால் மறுபடி விசாரித்தபோது, நள்ளிரவு தாண்டி இரண்டு கறி தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கியதாகச் சொன்னார். காலையில் சாப்பிடவில்லை என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்.

மூன்று நாள் கழித்து, இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டு முடித்து வந்தார். மொத்தம் 208, ஹெச்.டி.எல் 39, ட்ரைகிளிசரைடு 180. இப்போது வகுத்தால் 36, எல்.டி.எல் 133!

சாப்பாட்டுக் கொழுப்பைச் சுமந்து வரும் கைலோமைக்ரான்தான் காரணம். அதில் ட்ரைகிளிசரைடு மிக அதிகம், கொலஸ்ட்ரால் மிகக் கொஞ்சம். ஐந்தால் வகுக்கும்போது, இல்லாத கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். அதனால் எல்.டி.எல் பொய்யாக இறங்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் சீரத்தை ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். மேலே ஆடை கட்டினால் அது கைலோமைக்ரான்.

வெறும் வயிற்றிலேயே ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினாலும் இந்தச் சூத்திரம் வேண்டாம். எல்.டி.எல்லை நேரடியாக அளக்கும் சோதனைக்கு அனுப்புங்கள். எல்.டி.எல் 70-க்குக் கீழே வந்து, ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் இருந்தாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டக்கூடும். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் இதை நான் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

அப்புறம், மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்லை மட்டும் கழித்தும் எழுதுங்கள். அந்த அண்ணனுக்கு முதல் நாள் 174, மறுமுறை 169. கறி தோசை அந்த எண்ணை அதிகம் அசைக்கவில்லை.