காய்ச்சல் நாளில் கலோரிக் கணக்கைத் திருத்துவது எப்படி?

சும்மா படுத்திருக்கும்போதும் உடல் ஒரு நாளில் எவ்வளவு கலோரி செலவழிக்கிறது என்பதே ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம். இதைக் கணிக்கும் வழக்கமான சூத்திரங்கள் எடை, உயரம், வயது, பாலினம் ஆகியவற்றை மட்டுமே கேட்கின்றன. அன்று காய்ச்சல் அடிக்கிறதா என்று அவை கேட்பதில்லை. அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் நலமாக இருந்த நாளின் எடையை வைத்து அடிப்படை எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெண்களுக்கான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இது:

```
(10 × எடை கிலோ) + (6.25 × உயரம் செ.மீ.) − (5 × வயது) − 161
```

60 கிலோ எடை, 160 செ.மீ. உயரம், 40 வயது என்றால் 600 + 1000 − 200 − 161 = 1239 கலோரி.

அடுத்து காய்ச்சல். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் செலவு சுமார் 10 முதல் 13 சதவீதம் கூடும். தெர்மாமீட்டர் 39 காட்டினால் வழக்கமான 37-ஐ விட இரண்டு டிகிரி அதிகம். 13 சதவீதம் என்று கொண்டால், நாள் முழுவதற்கும் கூடுதல் 322 கலோரி. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிறது, ஆனால் கணக்கில் 24 மணி நேரமும் கொதிக்கிறது. 39 டிகிரி எட்டு மணி நேரமே நீடித்து, மற்ற நேரம் வெப்பம் இயல்பாக இருந்தால் கூடுதல் மூன்றில் ஒரு பங்குதான்; ஏறத்தாழ 107. அன்றைய மதிப்பு 1346.

காய்ச்சல் ஏறும்போது போர்வைக்குள் பல் கிட்டி நடுங்குகிறோமே, அந்த நேரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தெர்மாமீட்டர் 38-ஐத்தான் தொட்டிருக்கும். தசைகளோ அதற்குள் மிக அதிகமாக எரித்துக்கொண்டிருக்கும்.

வெளிக்குளிரில் வரும் நடுக்கமும் அப்படித்தான். செலவு இரண்டு மூன்று மடங்காகக்கூட உயரலாம். அது ஓய்வுநிலை அல்ல என்பதால் அதற்கெனச் சதவீதம் எதையும் சேர்க்காதீர்கள். கருவியால் அளப்பதாக இருந்தால், ஏசியின் குளிரைக் குறைத்து, போர்த்திக்கொண்டு, நடுக்கம் முழுவதும் நின்று அரைமணி நேரம் கழித்து அளக்கச் சொல்லுங்கள்.

தைராய்டு மிகையாகச் சுரந்தால் சூத்திரம் எதிர்த்திசையிலேயே போய்விடும். அதே பெண் ஆறு கிலோ மெலிந்துவிட்டார் என்றால் சூத்திரம் 1179 என்று குறைத்துச் சொல்லும். உடலின் உண்மையான செலவு பழைய 1239-ஐ விட 30 சதவீதம் கூடியிருந்தால் அது 1611! நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவதும், படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பதும் இதன் அடையாளங்கள். இரத்தப் பரிசோதனையின் டி.எஸ்.எச். எண்ணைக் கொண்டு சதவீதத்தை ஊகிக்க முடியாது. மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனையும் விடும் கரியமில வாயுவையும் அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும். ஹார்மோன் பரிசோதனைகள் வருவதற்கு முன் மருத்துவர்கள் இந்த மூச்சளவை வைத்தே தைராய்டு நோயைக் கண்டறிந்தார்கள். சிகிச்சை தொடங்கியதும் செலவு இறங்கும்; அப்போது பழைய கூடுதலை வைத்தே சாப்பிட்டுக்கொண்டிருக்காமல் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.