சர்க்கரை நோயாளிகள் நைட் ஷிப்டிலிருந்து விலக்கு கேட்டு மனு எழுதுவது எப்படி?

"எனக்குச் சுகர் இருக்கு, நைட் ஷிப்ட் வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் மனு பெரும்பாலும் மேலாளரின் மேசையிலேயே தங்கிவிடும். அவருக்குக் கீழே சர்க்கரை நோய் உள்ள இன்னும் பலர் வேலை செய்வார்கள். உங்கள் மருந்துக்கும் உங்கள் ஷிப்டுக்கும் எங்கே முட்டுகிறது என்பதைக் காட்டினால்தான் மனு நகரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் சர்க்கரை நோய் இல்லை. அதனால் மனுவின் பலம் முழுக்க மருத்துவக் காரணத்திலும் வேலையிடப் பாதுகாப்பிலும்தான் இருக்கிறது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் பாய்லர் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட்: காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, இரவு 10 முதல் 6. காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

முதலில் உங்கள் மருந்தைப் பாருங்கள்

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும்தான் 'லோ' ஆகும் ஆபத்து நிஜமானது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து மனுவின் வாதமே மாறும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர், நைட் ஷிப்ட் வாரங்களில் சர்க்கரை ஏறுகிறது என்பதைத்தான் காட்ட முடியும். அது சற்றுப் பலவீனமான வாதம், ஆனாலும் உண்மையான வாதம்: தூக்கம் குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, நடு இரவில் சாப்பிடும் சாப்பாட்டை உடம்பு பகலில் போலச் சமாளிக்காது.

நம் பாய்லர்காரர் விஷயத்தில் சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரவு 8 மணிக்குப் போடும் கலவை இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பகுதி, ஏறக்குறைய நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் உச்சத்துக்கு வரும். அந்த அளவை மருத்துவர் நிர்ணயித்தது அந்த நேரத்தில் தூங்கும் உடம்புக்கு. இவரோ அப்போது உமி தள்ளிக்கொண்டிருக்கிறார். உழைக்கும் தசை சர்க்கரையை இழுக்க, மருந்தும் இழுக்க, 3 மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது. பாய்லர் சூட்டில் எல்லோருக்கும்தான் வேர்க்கும் என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. காலை 6.30க்கு வீடு வந்து, ஊசி போட்டு, நாலு இட்லி சாப்பிட்டுப் படுக்கிறார். மதியச் சாப்பாடு தூக்கத்தில் போய்விடுகிறது. காலை ஊசியின் உச்சம் வெறும் வயிற்றில் வந்து நிற்கிறது. மனைவி நடவுக்குப் போயிருந்தால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்குவதைப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

"ஊசியை மாற்றிக்கொள்ளலாமே?" என்று மேலாளர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். நிலையான நேரத்தில் வேலை என்றால் மருத்துவரால் அதற்கேற்பச் சரிசெய்ய முடியும். வாரா வாரம் நேரம் புரண்டால், ஓர் ஏற்பாட்டுக்கு உடம்பு பழகும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. இந்தப் பதிலை மருத்துவரிடமே எழுதி வாங்குவது நல்லது.

அடுத்தது, ஒரு நோட்டு

எச்பிஏ1சி அறிக்கை மட்டும் போதாது. அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. 58க்கு இறங்கிய இரவும் 240க்கு ஏறிய காலையும் சேர்ந்து அதில் நல்ல எண்ணாகவே தெரியலாம். ஒரு காலை ஷிப்ட் வாரமும் ஒரு நைட் ஷிப்ட் வாரமும் குளுக்கோமீட்டரில் பார்த்து, தேதி, மணி, அளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அப்போது என்ன வேலை என்று எழுதுங்கள். 70க்குக் கீழே போனால் 'லோ'. 54க்குக் கீழே போனால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

இவர் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: "அதிகாலை 3.10, அளவு 58, சாப்பிட்டது 8.30க்கு, பாய்லர் தண்ணீர் மட்டம் பார்க்கும்போது கண் மங்கியது, சர்க்கரை சாப்பிட்டேன்." காலை ஷிப்ட் வாரத்தில் எல்லா அளவும் 130க்கும் 165க்கும் நடுவே நின்றால், இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. எண்களைக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம். மீட்டரின் நினைவில் அசல் இருக்கும்.

மருத்துவச் சான்று

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். "கடின வேலைக்குத் தகுதியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சான்று வந்தால், ஷிப்டுக்குப் பதில் வேலையே கேள்விக்குள்ளாகும். நோட்டைக் காட்டி மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன மருந்து, அதனால் இரவு 10 முதல் 6 வரையிலான வேலை ஏன் கூடாது, பகல் வேலைக்கு முழுத் தகுதி உண்டு. கூடவே "6 மாதம் கழித்து மறுபரிசீலனை" என்றும் இருக்கட்டும். கால வரம்பு இருக்கும் கோரிக்கைக்குச் சம்மதிப்பது நிர்வாகத்துக்கு எளிது. இஎஸ்ஐ இருந்தால் அந்த மருந்தக மருத்துவரின் சான்றையே வாங்குங்கள்.

மனு

ஒரு பக்கம் போதும். அனுப்புநர், பெறுநர், தேதிக்குப் பிறகு:

> பொருள்: இரவு ஷிப்டிலிருந்து 6 மாதம் விலக்கு கோருதல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நான் பாய்லர் பிரிவில் பணிபுரிகிறேன். சர்க்கரை நோய்க்குத் தினமும் இருவேளை இன்சுலின் எடுத்துவருகிறேன். இரவு எடுக்கும் இன்சுலின் நள்ளிரவுக்குப் பின் உச்சமாக வேலை செய்வதால், நைட் ஷிப்டில் எனக்குச் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்குகிறது. சென்ற மாதம் இருமுறை இவ்வாறு நேர்ந்தது, பதிவு இணைத்துள்ளேன். அந்நேரத்தில் பாய்லரைக் கவனிப்பது எனக்கும் உடன் பணிபுரிவோருக்கும் பாதுகாப்பானதல்ல.
>
> எனவே காலை, மதிய ஷிப்டுகளை மட்டும் எனக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிய ஷிப்டில் இரவு 8 மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிட இடைவேளை தேவை. ஞாயிற்றுக்கிழமை பகல் பணியை ஏற்கத் தயார்.

மருத்துவச் சான்றும் நோட்டின் நகலும் மட்டும் இணையுங்கள். கண், சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையெல்லாம் நிர்வாகத்துக்குத் தேவையில்லை. நீங்கள் விடும் நைட்டை வேறொருவர்தான் பார்க்கப் போகிறார் என்பதால், பதிலுக்கு ஏதாவது முன்வைப்பது அவசியம் என்பது என் கருத்து. இரவுப் படி போகும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சம்பா அறுவடை தொடங்கி நெல் வந்து குவியும்போது எந்த ஆலையிலும் ஆள் மாற்ற மனம் வராது. பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிடுவது உத்தமம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதைக் கொண்டு சங்கத்திடமோ, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்திலோ முறையிடலாம்.

பதில் வரும்வரை நைட் ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்தால், ஊசியை நீங்களாக விட்டுவிடாதீர்கள், அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். சட்டைப் பையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாக வைத்திருங்கள். நடுக்கம் வந்ததும் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள், ஏறவில்லை என்றால் மீண்டும் குடியுங்கள். கூட வேலை செய்பவரிடமும் சொல்லி வையுங்கள்: நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.