மாலை மையத் தன்னார்வலர்களுக்கு மூன்று மணி நேரப் பயிற்சி: நான் நடத்தும் முறை

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை மையத் தன்னார்வலர்களுக்கு முதல் தடவை நான் நடத்திய பயிற்சியில் இரண்டு மணி நேரம் நானே பேசினேன். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். மறுநாள் மையத்துக்குப் போய் கரும்பலகையில் அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக எழுதினார்கள். படிக்க வந்த அம்மாக்களில் பாதிப் பேர் மூன்றாம் வாரம் வரவில்லை. அதற்கு அப்புறம் மாற்றி அமைத்ததுதான் இந்தத் திட்டம். பன்னிரண்டு பேருக்கு, மூன்று மணி நேரம். இடம், டீ ஏற்பாடெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராகப் பயிற்சிக்குப் போகிறேன்.

1. தெரியாத எழுத்து (30 நிமிடம்)

நீங்களே மூன்று குறிகளை உருவாக்குங்கள். வட்டத்துக்குள் ஒரு கோடு 'க', கொக்கி மாதிரி ஒன்று 'ல', இப்படி. பாதிப் பேருக்குக் குறிகளைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுங்கள், மீதிப் பேருக்கு அதே குறிகளால் ஆன ஒரு சொல்லைக் காட்டிவிட்டு, அப்புறம் பிரித்துக் காட்டுங்கள். இடது கையால் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் சொல்லோடு கற்றவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருக்கும். விரல் வலிக்கிறது, பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சமாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அதைப் பலகையில் எழுதி வையுங்கள், கடைசி வரை அழிக்க வேண்டாம்.

2. முதல் பாடம் (45 நிமிடம்)

ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோடுகள். பென்சில் பிடித்துப் பழகாத கைக்கு 'அ'வின் சுழியைவிட இவை எவ்வளவோ எளிது. இவற்றோடு புள்ளியும் காலும் (ா) சேர்ந்தால் படம், பட்டம், பாடம், மாடம், மாமா, டப்பா, பட்டா எல்லாம் வந்துவிடும். 1990களின் அறிவொளி எழுத்தறிவு இயக்கப் பாடநூலும் முதல் பாடத்திலேயே பட்டாவைக் கொண்டுவந்தது. நிலப் பட்டா என்றதும் யாரிடம் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று பேச்சு தானாகக் கிளம்பும். அந்தப் பேச்சை ஐந்து நிமிடம் விடுங்கள், அதற்கு அப்புறம்தான் சொல்லை எழுத வேண்டும்.

ஒரு தன்னார்வலர் போன் செய்து கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். 'படம்' என்பதில் ட ஒரு மாதிரி ஒலிக்கிறது, 'பட்டம்' என்பதில் வேறு மாதிரி ஒலிக்கிறது, ஏன் என்று ஓர் அக்கா கேட்டாராம். இலக்கண விளக்கம் வேண்டாம். தமிழ் பேசத் தெரிந்தவர்கள்தானே, முழுச் சொல்லையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் ஒலி சரியாக வந்துவிடும்.

அட்டைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். தடித்த மார்க்கரால் உள்ளங்கை அகலத்துக்கு எழுதுங்கள். புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம், அட்டையைக் கையில் எடுத்து மாற்றி அடுக்கும்போதுதான் எழுத்து பிடிபடுகிறது.

3. நடித்துப் பார்ப்பது (60 நிமிடம்)

நான் முன்பு விட்டுவிட்ட படி இதுதான். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் பத்து நிமிடம் பாடம் நடத்த, இரண்டு பேர் கற்பவர்கள். அந்த இருவருக்கும் மட்டும் ரகசியமாக ஒரு சீட்டு. ஒன்றில் "கேட்டால் பதில் சொல்லாதே, தலையை மட்டும் ஆட்டு". இன்னொன்றில் "புத்தகத்தைத் தள்ளிப் பிடி, கண்ணைச் சுருக்கு". முடிந்ததும் நடத்தியவரிடம் கேட்பதற்கு முன், கற்பவராக இருந்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிறகு ஆள் மாற்றுங்கள்.

பெரும்பாலும் இரண்டு தவறுகள் வரும். தலையாட்டலைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது, எழுதத் திணறினால் பென்சிலை வாங்கி இவர்களே எழுதிவிடுவார்கள். அதற்கு நான் வைத்திருக்கும் விதி, அவர் பென்சிலைத் தொடாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பிறகு பக்கத்தில் உங்கள் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

4. கண் (30 நிமிடம்)

நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கும். எங்கள் மையத்தில் ஒரு பெரியம்மா நான்கு வாரமாக ப, ம இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார், அவருக்கு வராது என்றே முடிவுகட்டிவிட்டோம். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்ட வாரமே 'டப்பா' என்று வாசித்தார். அதனால் முதல் நாளே பார்க்கச் சொல்கிறேன்: தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறாரா, விளக்குக்கு அடியிலேயே உட்காருகிறாரா, தலைவலி என்கிறாரா. அப்படி இருந்தால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகப் போகும் ஆள் யார் என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

5. முதல் மாலைக்கான தாள் (15 நிமிடம்)

ஒவ்வொருவரும் தன் முதல் மாலையை அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும்: எந்தச் சொல், எதைப் பற்றிப் பேச்சு, எத்தனை அட்டை, யார் எங்கே உட்காருவது. சின்னப் பிள்ளைகள் பெஞ்சு வேண்டாம், பாய் போதும். ஏற்கெனவே பஸ் போர்டு வாசிக்கத் தெரிந்தவர்களும் வருவார்கள், அவர்களை 'ட, ப, ம'வில் உட்கார வைத்தால் இரண்டாம் நாளே வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனியாக ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது என்று தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பத்தாம் நாள் அந்தத் தாளோடு நான் ஒவ்வொரு மையத்துக்கும் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன்.