சீட்டு கம்பெனிக்குப் பெயர் வைக்கும்போது

தெரிந்தவர் ஒருவர் புதிதாகச் சீட்டு கம்பெனி தொடங்க, 'அபயம் கேரண்டி பெனிஃபிட்ஸ்' என்று பெயர் எழுதிக் கொண்டுவந்தார். 'கேரண்டி'யை எடுத்துவிடுங்கள் என்றேன். சீட்டில் கழிவு எவ்வளவு வரும் என்பது மாதாமாதம் ஏலத்தில்தான் தெரியும். பத்துப் பேர் தவணை கட்டாமல் இழுத்தடித்தால், சீட்டு எடுத்தவருக்குப் பணம் தாமதமாகலாம். அப்போது அவர் முதலில் விரல் நீட்டுவது உங்கள் போர்டைத்தான்.

இன்னொரு குறை: அந்தப் பெயரில் இது சீட்டு கம்பெனி என்றே இல்லை. 1982ஆம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டப்படி பெயரில் சிட், சிட்டி, குரி போன்ற ஒரு சொல் இருக்க வேண்டும். 'பேங்க்' என்ற சொல்லைத் தொடவே கூடாது. 'நிதி லிமிடெட்' என்பது வேறு வகைக் கம்பெனிக்கு உரியது.

சரி, நம்பிக்கையை எப்படிக் காட்டுவது? நடத்தையைச் சொல்லும் சொல் போதும். 'நாணயம்' என்றால் காசு, நேர்மை இரண்டும்தானே! அதோடு ஊர்ப் பெயர் சேர்ந்தால், தேடி வந்து கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று புரியும். கடைசியில் அவர் ஊர்ப் பெயரோடு 'நாணயம் சிட்ஸ்' என்று முடிவு செய்தார். அதே பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று கம்பெனிப் பதிவு இணையதளத்தில் பார்த்த பிறகே போர்டு எழுதக் கொடுக்கச் சொன்னேன்.

அப்புறம், 'அரசு பதிவு பெற்றது' என்று மொட்டையாகப் போடாதீர்கள். அரசே பொறுப்பு என்று படிப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சீட்டின் பதிவு எண்ணையும் பாஸ்புக்கில் அச்சிடுங்கள்.